லேபிள் தெளிவாக, பின்னணி மென்மையாக: பொருள் படத்துக்கான பிராம்ப்டில் ஃபோகஸை எப்படிச் சொல்வது

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர், படம் உருவாக்கும் ஏஐ கருவியில் தன் பாட்டிலுக்கு ஒரு விளம்பரப் படம் கேட்கிறார். பின்னால் இருக்கும் மாங்காயும் கிண்ணமும் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும், பாட்டில் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்:

```
mango pickle jar with spices around it, macro, f/1.4,
bokeh, blurred background, label not blurred
```

வரும் படத்தில் பாட்டிலின் நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். லேபிளின் இரு ஓரங்களும் கரைந்துபோயிருக்கும். மூடியோ அடிப்பாகமோ மங்கியிருக்கும். சில நேரம் பின்னணியில் கல்யாண மண்டப சீரியல் லைட் போல ஒளிவட்டங்கள் மிதக்கும். கருவி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தோன்றும். உண்மையில் அது கேட்டிருக்கிறது. இந்த வரியில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் எந்த மாதிரிப் படத்தை இழுத்துவரும் என்று பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது கேமராவில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தைத்தான் துல்லியமாக ஃபோகஸ் செய்யும். அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள பகுதியும் நம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். அந்தத் தெளிவான பகுதி முன்னிருந்து பின்வரை எவ்வளவு நீளம் என்பதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. கேமராவுக்கு முன்னால் செங்குத்தாக நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் பலகைக்குள் அடங்குவது எல்லாம் தெளிவு. அதற்கு வெளியே போகப் போக மங்கல் கூடிக்கொண்டே போகும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரைத் திறந்தால், அதாவது f/2.8 போன்ற சிறிய எண்ணுக்குப் போனால், பலகை மெல்லிசாகும். f/8, f/11 என்று மூடினால் தடிக்கும். கேமராவைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் பலகை மெல்லிசாகும்.

கவனிக்க வேண்டியது, இந்தப் பலகைக்குப் பொருள் எது, அலங்காரம் எது என்று தெரியாது. தூரம் மட்டும்தான் தெரியும். பாட்டிலோடு ஒட்டி நிற்கும் கிண்ணம் பாட்டில் இருக்கும் அதே தூரத்தில் இருப்பதால் அதுவும் தெளிவாகத்தான் விழும். பாட்டிலின் லேபிளே வளைந்து பின்னால் போனால் அதன் ஓரம் மங்கத்தான் செய்யும்.

நம் ஊறுகாய் பாட்டிலை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 12 செ.மீ. உயரம், 8 செ.மீ. விட்டம் உள்ள கண்ணாடி பாட்டில். லேபிளின் முன்பக்கம் நேராகப் பார்க்கையில் 6 செ.மீ. அகலம். ஃபுல் ஃபிரேம் கேமராவைச் செங்குத்தாக வைத்து, 100 மி.மீ. லென்ஸில், படத்தின் உயரத்தில் பாதியைப் பாட்டில் பிடித்துக்கொள்ளும்படி எடுக்கிறோம். கேமரா பாட்டிலிலிருந்து முக்கால் மீட்டர் தூரத்தில் இருக்கும்.

பாட்டில் உருண்டை என்பதால் லேபிளின் நடுப்பகுதி நமக்கு மிக அருகில் இருக்கிறது. இரு ஓரங்களும் அதைவிடச் சுமார் 13 மி.மீ. பின்னால் போய்விடுகின்றன. f/2.8 வைத்தால் தெளிவான பலகையின் மொத்தத் தடிமன் ஏறக்குறைய 9 மி.மீ. தான். லேபிளின் நடுவில் ஃபோகஸ் வைத்தால் அதில் பாதி, அதாவது நாலரை மி.மீ. மட்டுமே பின்பக்கம் கிடைக்கும். அப்படியானால் 6 செ.மீ. லேபிளில் நடுவே மூன்றரை செ.மீ. அளவுக்குத்தான் எழுத்து கூர்மையாக இருக்கும். ஊறுகாயின் பெயர் தெரியும், ஓரத்தில் அச்சிட்ட எடையும் விலையும் கரையும். f/8 வைத்தால் பலகை சுமார் இரண்டரை செ.மீ. தடிக்கும். ஃபோகஸை லேபிளின் முகப்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால் முழு லேபிளும் அதற்குள் அடங்கிவிடும். பொருள் படம் எடுப்பவர்கள் பின்னணியை மங்கலாக்க ஆசைப்பட்டாலும் f/8 பக்கமே நிற்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியென்றால் பின்னணி மங்க வேண்டாமா? மங்கும், தூரத்தால். இதுதான் பலரும் கவனிக்காத இடம். அதே ஏற்பாட்டில் ஒரு மாங்காயைப் பாட்டிலின் பக்கவாட்டில், லேபிளின் முகப்பிலிருந்து 5 செ.மீ. பின்னால் வைத்து f/2.8-இல் எடுத்தால், 1500 பிக்சல் உயரமுள்ள படத்தில் அதன் மங்கல் வட்டம், அதாவது ஒரு புள்ளி விரிந்து தெரியும் அளவு, 14 பிக்சல் அளவு இருக்கும். அதே மாங்காயை லேபிளின் முகப்பிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருக்கும்படி நகர்த்தி f/8-இல் எடுத்தால் மங்கல் 22 பிக்சலாகக் கூடிவிடுகிறது. அப்பர்ச்சரை மூன்று ஸ்டாப், அதாவது மூன்று படி, மூடியும் மங்கல் குறையவில்லை, கூடியிருக்கிறது. லேபிளும் முழுதாகத் தப்பித்தது. ஆகவே மங்கலை வாங்கித்தர வேண்டியது அப்பர்ச்சர் எண் இல்லை, பாட்டிலுக்கும், அலங்காரத்துக்கு வைக்கும் பிராப்ஸுக்கும் இடையில் உள்ள காலி இடம்.

இப்போது மேலே உள்ள பிராம்ப்டுக்குத் திரும்பலாம். படம் உருவாக்கும் கருவி இந்தக் கணக்கையெல்லாம் போடுவதில்லை. அதற்குள் லென்ஸும் கிடையாது, தூரமும் கிடையாது. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு வந்த குறிப்புகளையும் பார்த்து, எந்தச் சொல்லோடு எந்த மாதிரித் தோற்றம் வருகிறது என்று கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் மிகப் பல உண்மையான கேமராவில் எடுத்தவை. அதனால் கேமராவில் நடக்கக்கூடிய ஒன்றை விவரித்தால் அது சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. நடக்கவே முடியாத ஒன்றைக் கேட்டால் எதையாவது விட்டுக்கொடுத்துச் சமாளிக்கிறது. விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் லேபிளைத்தான்.

`macro` என்ற சொல் பூச்சியின் கண், பூவின் மகரந்தம் போன்ற படங்களோடு சேர்ந்தே பழகியது. அவற்றில் மயிரிழை அளவு பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். `f/1.4` முகப்படங்களோடு பழகியது. அதில் கண் தெளிவாக இருக்கும், காது கரைந்திருக்கும். அதையே பாட்டிலுக்குச் செய்தால் கண்ணின் இடத்தில் லேபிளின் நடுவும், காதின் இடத்தில் லேபிளின் ஓரமும் வந்து உட்காரும். `bokeh` என்றால் இரவு விளக்குகளின் ஒளிவட்டம்தான் முதலில் வரும். சமையலறை மேசையில் அதற்கு வேலையே இல்லை. இந்த மூன்று சொற்களையும் எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

அடுத்து `label not blurred`. மனிதரிடம் சொன்னால் புரியும். பல படக் கருவிகள் மறுப்புச் சொல்லைச் சரியாகக் கையாளுவதில்லை. லேபிள் என்ற சொல்லும் மங்கல் என்ற சொல்லும் அருகருகே வந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடும் வாய்ப்பு உண்டு. எது வேண்டாம் என்பதை விட்டுவிட்டு எது எப்படி இருக்க வேண்டும் என்று நேராகச் சொல்வது நல்லது. அதிலும் `sharp label` என்று மொட்டையாகச் சொல்வதைவிட, லேபிளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, மூடியிலிருந்து அடிவரை என்று எல்லை போட்டுச் சொன்னால் பலன் அதிகம்.

மிச்சம் இருப்பது `spices around it`. பார்ப்பதற்கு அப்பாவியான சொல், ஆனால் இதில்தான் முரண்பாடு ஒளிந்திருக்கிறது. பாட்டிலைச் சுற்றி என்றால் பக்கத்திலும் முன்னாலும் பின்னாலும் ஒட்டி ஒட்டி என்று பொருள். ஒட்டி இருப்பதை மங்கலாக்கு, ஆனால் பாட்டிலைத் தெளிவாக வை என்பது ஒரே பலகையை இரண்டு விதமாக நடக்கச் சொல்வது. கருவி இதற்கு இரண்டு வழிகளில் பதில் சொல்லும். ஒன்று, பாட்டிலையும் சேர்த்து மென்மையாக்கிவிடும். இல்லையென்றால் பாட்டிலை மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல, பக்கத்துக் கிண்ணம் மங்கலாகவும் பாட்டில் கூர்மையாகவும் ஒரு போலித் தோற்றம் வரும். கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

ஆகவே பிராப்ஸை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டிலின் தூரத்திலேயே இருந்து தெளிவாகத் தெரிய வேண்டியவை ஒரு கூட்டம். பின்னால் தள்ளி நின்று மென்மையாக வேண்டியவை இன்னொரு கூட்டம். எதை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மேலே சொன்ன 22 பிக்சல் மங்கலில் 10 செ.மீ. அகல மாங்காய் சுமார் 450 பிக்சல் அகலத்தில் விழுகிறது. ஓரங்கள் மட்டும் கரையும், மாங்காய் மாங்காயாகவே தெரியும். கடுகு அப்படி இல்லை. 2 மி.மீ. கடுகு அந்தத் தூரத்தில் 9 பிக்சல்தான் இருக்கும். 22 பிக்சல் மங்கலில் அது ஒன்றோடொன்று கலந்து வெறும் கறுப்புத் தீற்றலாகிவிடும். பார்ப்பவருக்கு மேசை அழுக்காக இருக்கிறதோ என்று தோன்றும். கடுகு, வெந்தயம், உப்புக் கல் போன்ற பொடிசுகளைப் பாட்டிலின் பக்கத்தில் தெளிவாக வைக்க வேண்டும். மாங்காய், பித்தளைக் கிண்ணம், எண்ணெய்ச் சொம்பு போன்ற பெரிய, ஒரே பார்வையில் அடையாளம் தெரியும் உருவங்களைப் பின்னால் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, கேமராவின் கோணம். சாப்பாட்டுப் படங்களில் 45 டிகிரி மேலிருந்து பார்ப்பது சகஜம் என்பதால், கோணம் சொல்லாமல் விட்டால் கருவி அதையே எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலுக்கு அது கெடுதல். மேலிருந்து பார்க்கையில் மூடி நமக்கு அருகிலும் அடிப்பாகம் தூரத்திலும் போய்விடுகிறது. 12 செ.மீ. பாட்டிலில் இந்த வித்தியாசம் எட்டு செ.மீ.க்கு மேல் வரும். f/8-இல் கூட நமக்குக் கிடைப்பது இரண்டரை செ.மீ. தான். மூடி பளிச்சென்று இருந்து லேபிளின் கீழ்ப்பாதி மங்கினால் குற்றவாளி கோணம்தான். கண் மட்டத்தில், லேபிளுக்கு நேர் எதிரே கேமரா இருக்கிறது என்று சொல்லிவிட்டால் லேபிளின் மேலும் கீழும் ஒரே தூரத்துக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் சேர்த்து எழுதினால் பிராம்ப்ட் இப்படி வரும்:

```
Eye-level front view of a glass jar of mango pickle,
camera square to the label. The whole jar is in sharp
focus from lid to base; the label is crisp from its
left edge to its right edge.
A few mustard seeds lie beside the jar at the same
distance, also sharp.
Two green mangoes and a brass bowl stand about 30 cm
behind the jar, softly out of focus but recognisable.
The wooden table is sharp at the jar's base and
softens gradually toward the back. 100mm lens, f/8.
```

இதில் மங்கல் பற்றிய சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று மாங்காயோடும் கிண்ணத்தோடும், மற்றது மேசையின் பின்பக்கத்தோடு. லேபிள் வரும் வாக்கியத்தில் தெளிவைக் குறிக்கும் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்துக்குள்ளேயே அதன் ஃபோகஸ் நிலை. எல்லாவற்றுக்கும் பொதுவாக `shallow depth of field` என்று கடைசியில் ஒரு வரி போட்டால் அது படம் முழுவதன் மேலும் பரவும், பாட்டிலையும் விடாது. அந்தச் சொல் கட்டாயம் வேண்டும் என்றால் பின்னணியைப் பற்றிய வாக்கியத்துக்குள் வையுங்கள்.

மேசை பற்றிய வரி எதற்கு என்று கேட்கலாம். உண்மையான படத்தில் ஃபோகஸ் எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டுவது மேசைதான். பாட்டிலின் அடியில் மரத்தின் வரிகள் தெளிவாக இருந்து, பின்னால் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும். பாட்டிலின் விளிம்பிலேயே மேசை திடீரென்று மங்கினால் படம் ஒட்டுவேலையாகத் தெரியும். போனில் போர்ட்ரெய்ட் மோடில் கண்ணாடி பாட்டிலை எடுத்தால் விளிம்பில் ஒரு ஒளிவளையம் தெரிகிறதே, அந்தக் குறைபாடும் இதற்கு உறவுதான். அங்கே கண்ணாடி எங்கே முடிகிறது என்று போனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் உள்ள `100mm lens, f/8` ஒரு சாடைதான். கருவி அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாது. அந்த எண்ணை f/7.1 என்று மாற்றி நுணுக்கமாக விளையாடுவதில் பொருளில்லை. இடமும் தூரமும் சொல்லும் வாக்கியங்கள்தான் வேலை செய்கின்றன. `30 cm` என்பதையும் அது அளவுகோல் வைத்து அளக்கப்போவதில்லை. ஒட்டி நிற்கவில்லை, தள்ளி நிற்கிறது என்பது அதற்குப் போய்ச் சேர்ந்தால் போதும். மனிதப் புகைப்படக்காரரிடம் இதே குறிப்பைக் கொடுத்தால் அவர் உண்மையாகவே 30 செ.மீ. அளந்து வைப்பார். அவருக்கும் இது பயன்படும் என்பது இப்படி எழுதுவதன் உபரி லாபம்.

முன்னால் எதையாவது மங்கலாக வைக்க ஆசை வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. கேமராவுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் மங்கலாக நிற்கும் வரமிளகாய் அழகுதான். ஆனால் மங்கிய பொருள் தன் உருவத்தைவிடப் பெரிதாக விரியும், லேபிளின் மேல் ஒரு சிவப்புத் திரைபோலப் படியும். படத்தின் கீழ்மூலையில், லேபிளுக்குக் கீழே, அதைத் தொடாமல் என்று இடத்தைக் குறித்துச் சொன்னால் மட்டுமே அதை வையுங்கள்.

படம் வந்ததும் சிறிதாக வைத்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். முழு அளவுக்குப் பெரிதாக்கி லேபிளின் இரு ஓரங்களையும் பாருங்கள், பிறகு மூடியின் விளிம்பு, பாட்டிலின் அடி. ஓரங்கள் மட்டும் மங்கியிருந்தால் `macro` போன்ற சொல் எங்கேயோ மிச்சம் இருக்கிறது. கீழ்ப்பாதி மங்கியிருந்தால் கோணம். பாட்டில் முழுக்க மென்மையாக இருந்தால் மங்கல் சொல் பொதுவாகப் பரவியிருக்கிறது, அல்லது பிராப்ஸ் மிக அருகில் நிற்கிறது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உங்கள் கருவியில் படத்தின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை நிலையாக வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் உங்கள் சொல்லால் வந்ததா தற்செயலாக வந்ததா என்று பிரிக்க முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். லேபிளில் எழுத்து படிக்க முடியவில்லை என்றால் அது எப்போதும் ஃபோகஸ் கோளாறு இல்லை. 24 செ.மீ. உயரக் காட்சி 1024 பிக்சலில் அடங்கினால், லேபிளில் 2 மி.மீ. உயரமுள்ள எழுத்துக்குக் கிடைப்பது எட்டு பிக்சல் சொச்சம். தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் புள்ளியும் அதற்குள் உட்கார முடியாது. எத்தனை முறை `crisp` என்று எழுதினாலும் பலன் இருக்காது. பாட்டில் படத்தில் பெரிதாக வரும்படி கேட்க வேண்டும், அல்லது கூடுதல் பிக்சல் உள்ள படம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வகையும் உண்டு. எழுத்தின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும், ஆனால் எழுத்தே தப்பாக இருக்கும். 'ஊறுகாய்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத கோடுகள் நெளியும். இது ஃபோகஸோடு சம்பந்தப்பட்டதே இல்லை. கருவி எழுத்தை எழுதுவதில்லை, எழுத்துபோன்ற ஒன்றை வரைகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்தத் தவறு அதிகம் வரும். ஃபோகஸ் சொற்களை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது. நெளிந்த எழுத்தைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும்.

விற்பனைக்குப் போகும் படம் என்றால், அதிலும் எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் லேபிளில் இருக்கிறது என்றால், பாட்டிலை நீங்களே எடுங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில், கண் மட்டத்தில், போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டுப் போனிலேயே எடுத்தால் போதும். போன் சென்சார் சிறியது என்பதால், முக்கால் மீட்டர் தள்ளி நின்று எடுக்கையில் லேபிள் முழுவதும் சுலபமாகத் தெளிவுக்குள் வந்துவிடும். பிறகு எந்தப் பகுதி மாறலாம், எது மாறக் கூடாது என்று குறிக்கும் மாஸ்க் வசதியில் பாட்டிலை மூடி, மற்ற பகுதியை மட்டும் உருவாக்கச் சொல்லுங்கள். அப்போது பிராம்ப்டில் லேபிளைப் பற்றிப் பேசவே தேவையில்லை. மாங்காய் எங்கே நிற்கிறது, மேசை எப்படிக் கரைகிறது என்ற வரிகள் மட்டும் போதும். முடிந்த பிறகு மூல படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து லேபிளை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். சில கருவிகள் மாஸ்க்கின் விளிம்பில் கொஞ்சம் உள்ளே புகுந்து திருத்திவிடும். அப்படி ஆகியிருந்தால் மாஸ்க்கைச் சில பிக்சல் வெளியே விரித்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் விளிம்பு கெட்டால், மூல படத்தில் இருக்கும் பாட்டிலை எடுத்து எடிட்டிங் ஆப்பில் மேல் லேயராக வைத்துவிடலாம்.